மெல்லும் தசைகள்: மீடியல் டெரிகாய்டை மட்டும் எப்படி நினைவில் வைப்பது?

வணக்கம் நண்பர்களே. உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது, ஒரு இடத்தில் உதவி வேண்டும்.

தசைகளுக்கு நானே ஒரு வரி வைத்திருக்கிறேன்: "மா, டெ, மீ மூடும், லே திறக்கும்." மாசெட்டர், டெம்போராலிஸ், மீடியல் டெரிகாய்டு மூன்றும் வாயை மூடும், லேட்டரல் டெரிகாய்டு திறக்க உதவும். நான்குக்கும் மாண்டிபுலார் நரம்புதான். கன்னத்தில் இருக்கும் பக்சினேட்டரை இதில் சேர்த்துவிடக் கூடாது, அதற்கு முக நரம்பு.

வலது மாண்டிபுலார் நரம்பு பழுதானால் வாய் திறக்கும்போது தாடை எந்தப் பக்கம் போகும்? முதலில் இடது என்றே எழுதினேன். ஆனால் லேட்டரல் டெரிகாய்டு தன் பக்கத்துத் தாடை முனையை முன்னே இழுக்கும். இடது முனை முன்னே வரும், வலது முனை அங்கேயே நிற்கும். அதனால் மோவாய் வலது பக்கமே திரும்பும், அதாவது பழுதான பக்கம்.

சரி, சிக்கல் கிளைகளில்தான். முன் பிரிவில் எல்லாம் இயக்கக் கிளைகள், பக்கல் மட்டும் உணர்வு. பின் பிரிவில் எல்லாம் உணர்வு, மைலோஹயாய்டு கிளை மட்டும் இயக்கம். இந்த எதிர்ச்சோடி நன்றாக நிற்கிறது. ஆனால் மீடியல் டெரிகாய்டின் நரம்பு பிரியும் முன்பே மூலத்தண்டிலிருந்து கிளம்புவதை ஒவ்வொரு முறையும் மறந்து, முன் பிரிவில் எழுதிவிடுகிறேன். டென்சர் டிம்பானி, டென்சர் வெலி பாலட்டினி இரண்டுக்கும் இதே வழியில்தான் நரம்பு போகிறது என்பதால் தவறு அங்கேயும் தொடர்கிறது.

இந்த மூன்றையும் மூலத்தண்டோடு கட்டிவைக்க யாரிடமாவது ஒரு வரி இருக்கிறதா? படமாக வரைந்து படித்தவர்கள் எந்த வரிசையில் வரைந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.