புதுப்பிப்பு: ராஜினாமா கடிதம் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது

என் பழைய கேள்வி: "சம்பளம் 48,000. யூடியூப் வீடியோவில் ஒரு வருடத்தின் மாதச் சராசரி வருமானம் 52,000. வேலையை விடலாமா?"

விடவில்லை. சராசரியை நம்பாதீர்கள், அதிகம் வந்த மாதத்தை அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்று பல வருடமாக எடிட்டிங் செய்யும் ஒரு அண்ணன் சொன்னார். வைரலான அந்த ஒரு மாதம் மட்டும் 1,90,000. அதை எடுத்ததும் மீதி 11 மாதச் சராசரி 39,500கூட வரவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் 22,000தான். பண்டிகை சீசன் முடிந்ததும் விளம்பர ரேட் இறங்கிவிடுகிறது.

ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு போதும் என்றார் இன்னொருவர். மாதச் செலவு 36,000, அப்படியென்றால் 2,16,000. என்னிடம் 2,10,000 இருக்கிறது, கிட்டத்தட்ட சரிதான். ஆனால் யூடியூப் பணம் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல்தான் வங்கிக்கு வரும், வாடகையோ 5ஆம் தேதி. ஒரு ஸ்பான்சர் மூன்று மாதமாக இன்வாய்ஸை இழுத்தடிக்கிறார். கம்பெனி இன்சூரன்ஸும் போய்விடும். அதனால் ஒன்பது மாதம், 3,24,000 என்று வைத்திருக்கிறேன். மாதம் 18,000 சேர்த்தால் ஏழு மாதம் ஆகும்.

எந்த கேமரா வாங்கலாம் என்று யோசனை சொன்ன நண்பருக்கு நன்றி, நான் கேட்டது அதுவல்ல!

சரி, வரும் மார்ச்சில் ஸ்பான்சர் இல்லாமலே 36,000 தாண்டுமா? அப்புறம் பார்க்கலாம். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.