லிங்க்ட்இன் தலைப்பு வரி: 4-க்கு 9 என்றால் இரண்டாவதே மேலானதா?

சிவகாமி (எபென்)
வணக்கம். நான் ஒரு நிதி நிர்வாக நிறுவனத்தில் கணக்காளராக இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறேன். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, பக்கத்தைப் பார்த்தவர்களைக் குறித்து வருகிறேன்.

```
A: Accountant, Mauritius
B: Fund Accountant | NAV, IFRS | ACCA
```

ஜனவரிக் கடைசியில் தொடங்கிய A-க்கு 21 பார்வை, அதில் ஆள் எடுப்பவர்கள் 4 பேர். அடுத்து வந்த B-க்கு 34 பார்வை, 9 பேர். இனி B-யையே நிலையாக வைத்துவிடலாமா?

தேவன்
தாராளமாக வைக்கலாம். ஆள் எடுப்பவர்கள் பதவிப் பெயரைத் தட்டித்தான் தேடுகிறார்கள். B-யில் அது இருக்கிறது. 21 எங்கே, 34 எங்கே!

கதிரேசன் (ரோஸ் ஹில்)
பதவிப் பெயரைப் பற்றித் தேவன் சொல்வது சரி. ஆனால் மொத்தப் பார்வையில் பழைய தோழர்களும் உறவினரும் சேர்ந்திருப்பதால், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. 4, 9 என்பவற்றையே எடுத்துக்கொண்டாலும், நாணயத்தை 13 முறை சுண்டினால் ஏதோ ஒரு பக்கம் 9 முறையோ அதற்கு மேலோ விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை நடக்கும். அதோடு, A இருந்த வாரங்களில் தைப்பூசமும் பிப்ரவரி 1 விடுமுறையும் வந்தன. எபென் அலுவலகங்கள் அப்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சிவகாமி அம்மா, அந்த 9 பேரில் நீங்கள் விண்ணப்பித்த நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு வருபவரைத் தலைப்பு வரி அழைத்து வரவில்லை.

மீனாட்சி
நான் சிவியின் தலைப்பைப் பிரெஞ்சில் மாற்றிய பிறகுதான் ஹோட்டல்களிலிருந்து அழைப்பு வந்தது. நீங்களும் பிரெஞ்சில் எழுதிப் பாருங்கள்.

சிவகாமி
3 பேர் அப்படி வந்தவர்கள், ஐயா. அவர்களைக் கழித்தால் 4-க்கு 6 தான். A காலத்தில் நான் எங்கும் விண்ணப்பிக்கவில்லை.

கதிரேசன்
அப்படியானால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். மீண்டும் A, பிறகு B என்று விடுமுறையில்லாத வாரங்களில் வைத்துப் பாருங்கள். அதுவரை படத்தையும் அறிமுகப் பத்தியையும் தொடாதீர்கள், பதிவுகளுக்குக் கருத்து எழுதுவதையும் ஒரே அளவில் வைத்திருங்கள். கட்டணமில்லாக் கணக்கில் கடைசியாக வந்த சிலர் மட்டுமே தெரிவதால், அன்றாடம் குறித்துக்கொள்ளாவிட்டால் பெயர்கள் மறைந்துவிடும். பெயரை மறைத்துப் பார்ப்பவர்களை எந்தக் கணக்கிலும் சேர்க்க இயலாது.

தேடலில் எத்தனை முறை தோன்றினீர்கள் என்று காட்டும் எண்ணையும் வாரந்தோறும் பக்கத்திலேயே எழுதுங்கள். அது ஏறியும் பார்வை ஏறவில்லை என்றால், தேடல் உங்களைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் வரியைப் படித்தவர் திறக்காமல் கடந்துவிடுகிறார் என்று பொருள். அப்போது சொற்களைக் கூட்டுவதில் பயனில்லை. முதல் சில சொற்களை மாற்ற வேண்டும், ஏனெனில் கைப்பேசித் திரையில் வரியின் பின்பகுதி பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகிறது.

தேவன்
பிரெஞ்சு வரியையும் இதே சுற்றில் மூன்றாவதாகச் சேர்க்கலாமா?

கதிரேசன்
சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பார்வைகள் இன்னும் குறைந்துவிடும். நிதித் துறையில் பிரெஞ்சு வரி எடுபடுமா என்பது எனக்கும் கேள்விதான். இங்கே யாராவது தனியாக வைத்துப் பார்த்திருந்தால் எண்களோடு எழுதுங்கள்.