புதுப்பிப்பு: செய்திமடல் இணைப்புக்கு வந்த மோசடி எச்சரிக்கை

என் கேள்வி: "ஹட்டன் வாசகர் வட்டச் செய்திமடலில் எங்கள் தள முகவரியைத்தான் போடுகிறேன். சிலருக்கு மோசடி எச்சரிக்கை வருவது ஏன்?"

உதவிய எல்லாருக்கும் நன்றி. பதுளை அண்ணன் சொன்னபடி மடலின் மூலத்தைத் திறந்து பார்த்தேன்.

```
<a href="https://track.example.net/c/8fK2">https://vattam.example/nool</a>
```

கண்ணுக்குத் தெரிவது நம் முகவரி, சொடுக்கினால் முதலில் போவது மடல் அனுப்பும் சேவையின் முகவரிக்கு. அங்கே சொடுக்கு எண்ணப்பட்ட பிறகுதான் நம் தளம் திறக்கும். எழுதியதும் போவதும் வேறு வேறு தளங்கள் என்பதால் மெயில் மென்பொருள் சந்தேகப்படுகிறது. மோசடிக்காரர்கள் செய்வதும் இதே வேலைதானே!

முகவரிக்குப் பதிலாக "நூல் பட்டியலைப் பாருங்கள்" என்று இணைப்பை எழுதினேன், எச்சரிக்கை நின்றது. ஆனால் சுட்டியை மேலே வைத்தால் இன்னும் அந்த அந்நிய முகவரிதான் தெரிகிறது.

இந்தச் சொடுக்குக் கண்காணிப்பை அணைக்கச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி: அணைத்தால் இணைப்பு மாறாது, ஆனால் எத்தனை பேர் இணைப்பைச் சொடுக்கினார்கள் என்ற கணக்கும் போய்விடும்.

எதிர்பாராதது ஒன்று: மடலின் வெறும் உரை வடிவில் மறைக்க இடமே இல்லை. அங்கே நம் முகவரி இருந்த இடத்தில் அந்த நீளமான கண்காணிப்பு முகவரியே அப்படியே நிற்கிறது. கண்காணிப்புக்கு நம் தளத்தின் துணை முகவரி ஒன்றையே கொடுக்கலாம்; அதற்கு நம் தளத்தின் டிஎன்எஸ்ஸில், அந்தப் பெயரைச் சேவையின் பெயருக்குத் திருப்பும் ஒரு சிநேம் பதிவு சேர்க்க வேண்டுமாம். எங்கள் சேவையில் அதற்குக் கட்டணம் உண்டு, வட்டத்தில் இன்னும் பேசி முடிக்கவில்லை.