சித்தியின்ர மகன் எல்.எம்.ஐ.ஏ. கேக்கிறான், எப்பிடி மறுக்கிறது?

புதுக்குடியிருப்பு: ரொறன்ரோவில சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிற என்ர சிநேகிதனிட்டச் சொல்லி, சமையல் உதவியாளர் வேலைக்கு எல்.எம்.ஐ.ஏ. எடுத்துத் தரட்டாம், அதுதான் வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கக் கனடா அரசாங்கம் முதலாளிக்குக் குடுக்கிற அனுமதி. ஏஜென்ற் கேக்கிறது 20 லட்சம், பாதி நான் போடவேணுமாம். மற்றப் பாதிக்குச் சித்தி காணியை ஈடு வைக்கப் போறா. உறவு முறியாமல் என்ன சொல்லுறது?

வவுனியா: ஏன் மறுக்கிறியள்? விசிற் விசாவில போய் அங்க நிண்டே வேர்க் பெர்மிற் போடலாம். கனபேர் அப்பிடித்தான் மாறினவை.

கிளிநொச்சி: மாறினவை, உண்மை. அது கொரோனாக் காலத்துச் சலுகை, 2024 ஓகஸ்ட் 28 இல நிப்பாட்டிப் போட்டாங்கள்.

புதுக்குடியிருப்புத் தம்பி, எல்.எம்.ஐ.ஏ.க்கு விண்ணப்பிக்கிறது முதலாளி. ஒரு வேலைக்கு 1000 கனேடிய டொலர் கட்டணம். அதை அவர்தான் கட்டவேணும், தொழிலாளியிட்ட அறவிடச் சட்டம் விடாது. அப்ப 20 லட்சம் எதுக்கு? அந்தக் காசில ஒரு பங்கு உங்கட சிநேகிதன்ர கைக்குப் போனால் மாட்டுறது அவர்தான்.

இன்னொண்டு, 2024 செப்ரெம்பர் 26 இலயிருந்து வேலையின்மை 6 வீதமோ கூடவோ இருக்கிற பெருநகரங்களில குறைஞ்ச சம்பள வேலைக்கு எல்.எம்.ஐ.ஏ. பரிசீலிக்கிறேல்லை. விவசாயம், கட்டட வேலை போல சிலதுக்கு விலக்கு இருக்கு, சாப்பாட்டுக்கடைக்கு இல்லை. நகரப் பட்டியல் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறும். கடையின்ர தபால் குறியீட்டை வச்சு கனடா அரசாங்கத் தளத்தில பாருங்கோ.

மாங்குளம்: என்ர தம்பி கட்டாருக்கு எண்டு ஏஜென்சிக்குக் கட்டின காசைத் திருப்பி எடுக்கேலுமோ?

கிளிநொச்சி: அது வேற விசயம், தங்கச்சி. பற்றுச்சீட்டோட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில முறையிடுங்கோ, 1989க்கு அடிச்சுக் கேக்கலாம். சீட்டு இல்லையெண்டால் கஷ்டம்.

முள்ளியவளை: மறுக்கிறதைப் போனில சொல்லாதேங்கோ. சித்தி நொத்தாரிசிட்டப் போறதுக்கு முன்னம் வீட்டை போய்ச் சொல்லுங்கோ. ஈடு எண்டு சொல்லிப்போட்டு, மீட்கிற நிபந்தனையோட அறுதி உறுதியா எழுதுவிக்கிறவை இருக்கினம். தவணை தப்பினால் காணி கைவிட்டுப் போகும்.

“பாப்பம் சித்தி” எண்ட சொல்லு வாயில வரக்கூடாது, அதை அவ ஓம் எண்டுதான் எடுப்பா. “சித்தி, காசும் போடமாட்டன், சிநேகிதனிட்டயும் கேக்கமாட்டன். அந்தக் கடைக்கு இப்ப ஆள் எடுக்கச் சட்டம் விடேல்லை. உறுதியைப் பெட்டிக்குள்ளயே வையுங்கோ” எண்டு ஒரே மூச்சில சொல்லுங்கோ. சிநேகிதன்ர நம்பரையும் குடுக்காதேங்கோ. குடுத்தால் அடுத்த நாளே அவருக்கு வட்ஸப் போகும், பிறகு மறுக்கிற பாரம் அவர்ர தலையில.

புதுக்குடியிருப்பு: பட்டியலில ரொறன்ரோ இருக்கு. எண்டாலும் வெறுங்கையோட போக மனமில்லை. பாஸ்போட் காசையாவது குடுக்கட்டோ?

கிளிநொச்சி: குடுக்கலாம். வேற வழியில போறதெண்டாலும் அது தேவைதானே.

முள்ளியவளை: நான் குடுக்கமாட்டன். இண்டைக்கு பாஸ்போட் காசு, நாளைக்கு மெடிக்கல் காசு எண்டு வந்து நிப்பான்.