கூப்பன் காட்டியவர் எல்லாம் விளம்பரம் பார்த்து வந்தவரா?

திண்டுக்கல்_காலணி
ஆடித் தள்ளுபடியின்போது இன்ஸ்டா விளம்பரத்தில் ஒரு கூப்பன் கோட், ஃபேஸ்புக்கில் வேறு கோட். பில் போடும்போது சொன்னால் பத்து சதவீதம் குறையும். இன்ஸ்டா கோட் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு சாயங்காலம் பில் போடும் தம்பிக்குப் பின்னால் நின்றிருந்தேன். கையில் பட்டன் போனோடு ஒரு பாட்டி, "ஏதாச்சும் குறைப்பியா தம்பி?" என்றார். "இருங்கம்மா, நானே போட்டுடறேன்" என்று மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அடித்தான். அந்தச் சீட்டில் முதல் வரி இன்ஸ்டா கோட்! இன்னும் மனசு ஆறவில்லை.

கியூஆர்_கார்த்தி
ஒரே கூப்பனை ஊருக்கெல்லாம் கொடுத்தால் அப்படித்தான். எங்கள் ஸ்வீட் கடையில் விளம்பரத்தைத் தொட்டு நம்பர் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கியூஆர் வரும். ஒரு தடவை ஸ்கேன் ஆனால் செத்துவிடும். அதனால் திரும்பி வரும் ஒவ்வொரு கூப்பனும் விளம்பரம் கொண்டுவந்த ஆள்தான்.

கணக்கு_அக்கா
கார்த்தி தம்பி, கடைசி வரி இடிக்கிறது. விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பவரை கியூஆர் எப்படிக் காட்டும்? நான் கணக்கு பார்க்கும் ஜவுளிக் கடையில் விளம்பரத்துக்கு 12,000 ரூபாய், வந்த கூப்பன் 150. ஆளுக்கு 80 ரூபாய்தான் என்று முதலாளிக்கு ஒரே குஷி. பில்லில் இருந்த போன் நம்பர்களைப் பழைய பில்களோடு ஒப்பிட்டேன். 110 பேர் ஆறு மாதத்துக்குள் நம்மிடமே வாங்கியவர்கள். கடைப் பக்கத்தை ஃபாலோ செய்கிறவர்களுக்கே விளம்பரம் போயிருக்கிறது. தள்ளுபடியில் போனது கூப்பனுக்குச் சராசரி 120 என்று மொத்தம் 18,000. ஆக 30,000 செலவழித்துப் புதியவர் 40 பேர், தலைக்கு 750. முதலாளி அதற்கப்புறம் பேசவில்லை. பார்த்துவிட்டு வந்து கூப்பனைக் காட்ட மறந்தவர்களும் இருப்பார்கள்தான், அவர்களை நான் எங்கே தேட?

பேக்கரி_போத்தனூர்
நாங்கள் நோட்டீஸில் கூப்பன் அடித்தோம். நோட்டீஸ் போடும் பையனே ஒரு கட்டோடு வந்து பப்ஸ் கேட்டான். கூப்பனே வேண்டாம் என்பேன்.

இரண்டு_கிளை
போத்தனூர் அண்ணா, கேள்வி அதில்லை. எங்களுக்கு இரண்டு கிளை. ஒன்றைச் சுற்றி மட்டும் விளம்பரம் விட்டோம், அவ்வளவுதான் என் கதை. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூப்பனை எண்ணாதீர்கள், இரு கிளையின் மொத்த பில்லையும் பாருங்கள். விளம்பரத்துக்கு முந்தைய வாரங்களில் இரண்டும் எப்படி ஏறி இறங்கின என்று முதலில் குறித்துவையுங்கள். அந்தப் போக்கைத் தாண்டி விளம்பரக் கிளை ஏறினால்தான் ஏற்றம். முகூர்த்த வாரமோ சம்பள நாளோ ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கணக்கு கெடும். திண்டுக்கல் அண்ணா, நீங்கள் விளம்பரத்தைச் சில நாள் நிறுத்திப் பாருங்கள். பழைய கூப்பன் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதே வேகத்தில் வந்தால் கைவரிசை கடைக்குள்ளேதான்.

திண்டுக்கல்_காலணி
எனக்கு ஒரே கடைதான் தம்பி. எதை எதோடு ஒப்பிட?

கணக்கு_அக்கா
பில்லில் பின்கோடு கேளுங்கள். பாதிப் பின்கோடுகளுக்கு மட்டும் விளம்பரம் விடலாம்.

கியூஆர்_கார்த்தி
ஒரு ஜோடி செருப்புக்குப் பின்கோடு கேட்டால் யார் அக்கா சொல்வார்கள்?