புதுப்பிப்பு: தாளை இழுக்காத பிரிண்டர்

நான் கேட்டிருந்தது: “சில நேரம் தாளே வருவதில்லை, சில நேரம் மூன்றாக வருகிறது. ரோலர் போய்விட்டதா?”

பாதி சரியாகிவிட்டது. தின்னரால் துடைக்கச் சொன்ன தம்பி, அழுக்கு போகும் என்பது சரி, ரப்பரும் கெட்டுவிடும். பாளையங்கோட்டை மெக்கானிக் அண்ணாச்சி சொன்னபடி மின்சாரத்தைத் துண்டித்து, நூல் உதிராத துணியை நீரில் நனைத்துப் பிழிந்து, ரோலரைக் கையால் சுற்றி முழுவட்டமும் துடைத்தேன். துணியில் மாவு போலக் காகிதத் தூசி! காய்ந்ததும் முதல் தாளே பிடித்துக்கொண்டது.

இரண்டு மூன்று தாளாகச் சேர்ந்து வருவது மட்டும் நிற்கவில்லை. ரோலருக்கு எதிரே தாள்களைப் பிரிக்கும் ரப்பர் பட்டையைப் பார்க்கச் சொன்னார். துடைத்த பிறகும் நடுவில் கண்ணாடியாக மின்னுகிறது. அதை மாற்றியாக வேண்டும்.

தென்காசி அக்கா, உங்களுக்குச் சாரல் காலத்தில் மட்டும் ஒட்டுகிறதென்றால் ஈரத்தாளாக இருக்கலாம். புதுக் கட்டைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.