தொட்டி நிறைந்திருக்கும்போதே ரிலே அடிக்கிறது: தவறு ஒயரிலா, புரோகிராமிலா?

கம்பம்மெட்டு ஏலக்காரன்:
வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துத் தொட்டியில் மிதவை சுவிட்ச். அங்கிருந்து 30 மீட்டர் ஒயர், மோட்டார் லைனோடு சேர்ந்தே வந்து அர்டுயினோ ஊனோவின் 2-ஆம் பின்னில் ஏறுகிறது. சுவிட்சின் மறுமுனை கிரவுண்டில். தண்ணீர் இறங்கினால் சுவிட்ச் மூடும், மோட்டார் ஓடணும். ஆனால் தொட்டி நிறைந்திருக்கும்போதே ரிலே கடகடவென்று அடிக்கிறது. ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே மாறுகிறது. போர்டு போச்சா?

செங்கோட்டை கோடர்:
போர்டு நல்லாத்தான் இருக்கும். சுவிட்ச் துள்ளுவதால் வருவது இது. 50 மில்லிசெகண்ட் டிலே போட்டு இரண்டு முறை படிங்க, சரியாகிவிடும்.

பழைய ரேடியோ:
தம்பி, துள்ளல் என்றால் சுவிட்ச் மாறும் அந்த நொடியோடு அடங்கிவிடும். இங்கே சுவிட்ச் அசையவே இல்லையே. திறந்து கிடக்கும்போது அந்தப் பின் எதோடும் சேர்ந்தில்லை, 30 மீட்டர் ஏரியல்தான் அதற்குச் சொந்தம். உள்ளே இருப்பது மாஸ்ஃபெட்டின் கேட். அது கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது, கசிவு அதிகபட்சம் 1 மைக்ரோஆம்ப். அதனால் பக்கத்து லைனிலிருந்து துளி மின்னூட்டம் ஒட்டினாலும், கை கிட்டே வந்தாலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். 5 வோல்ட் ஊனோவில் 1.5-க்குக் கீழே என்றால் 0, 3-க்கு மேலே என்றால் 1. நடுவில் எதைச் சொல்லும் என்று சிப் தயாரித்தவரே உறுதி தரமாட்டார்.

அதைக் குருட்டாம்போக்கு என்கிறோம், பாதி நேரம் அப்படியும் இல்லை. இதை ஓட்டிப் பாருங்கள்:

```
void setup() {
  pinMode(2, INPUT);
  Serial.begin(115200);
}
void loop() {
  Serial.print(digitalRead(2));
  delay(1);
}
```

0-வும் 1-உம் சுமார் பத்துப் பத்தாகக் கொத்துக் கொத்தாக வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் லைன். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் அல்லவா? அப்படி வந்தால் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 2.2 கே ரெசிஸ்டர் ஒன்றைப் புல்-அப்பாகப் போடுங்கள்; சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 1-இல் பிடித்து வைக்கும்.

செங்கோட்டை கோடர்:
சரி, மிதக்கும் பின் என்றே வைத்துக்கொள்வோம். `INPUT_PULLUP` ஒரே சொல், சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரைச் சேர்த்துவிடும். அதை விட்டுவிட்டு எதற்கு ரெசிஸ்டர் வாங்கணும்?

கொழிஞ்சாம்பாறை:
எனக்கும் இதே பிரச்சினை! `INPUT_PULLUP` போட்டும் குதிக்கிறது. என்னுடையது ஈஎஸ்பி32, GPIO34.

பழைய ரேடியோ:
உங்களுடையது வேறு கதை. அந்தச் சிப்பில் 34 முதல் 39 வரை உள்ள பின்களுக்கு உள் புல்-அப்பே கிடையாது. வெளியே போடுங்கள், 3.3 வோல்ட்டுக்கு.

தம்பிக்கு: மேஜைமேல் ஒரு பட்டன் என்றால் உங்கள் ஒற்றைச் சொல் போதும். ஊனோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம், 35 என்று வைப்போம். லைனிலிருந்து ஒயருக்கு 100 மைக்ரோஆம்ப் தாவுகிறது என்றால் 35 கே-யில் 3.5 வோல்ட் ஆட்டம். 2.2 கே-யில் அதே மின்னோட்டம் 0.22 வோல்ட்தான். இன்னொன்று, மலைப்பக்கம் மழையில் சுவிட்ச் மூடியில் ஈரம் இறங்கி, திறந்த சுவிட்சே 20 கே மாதிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் புல்-அப்போடு பின்னில் 1.8 வோல்ட், அந்த இரண்டுங்கெட்டான் இடம். 2.2 கே இருந்தால் 4.5, சந்தேகமே இல்லாத 1. சுவிட்ச் மூடினால் 2.3 மில்லிஆம்ப் போகும், அவ்வளவுதான்.

செங்கோட்டை கோடர்:
அப்படியானால் 100 ஓம் போட்டால் இன்னும் நல்லதாச்சே?

பழைய ரேடியோ:
சுவிட்ச் மூடியிருக்கும்வரை 50 மில்லிஆம்ப் வீணாகும். ஒயரின் தடையும் கணக்கில் வந்து, 0 என்பது 0-வாக இறங்காது.

கம்பம்மெட்டு ஏலக்காரன்:
2.2 கே-யைப் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் பற்றவைத்தேன். முந்தாநாள் வரை ரிலே ஒரு நிமிடம் சும்மா இராது, நேற்று ராத்திரி முழுக்கச் சத்தமில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஏறும்போது மட்டும் ஒருதரம் டிக் என்றது.

செங்கோட்டை கோடர்:
பார்த்தீங்களா? அதற்குத்தான் 50 மில்லிசெகண்ட் என்றேன்.

பழைய ரேடியோ:
அந்த ஒரு டிக்குக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெசிஸ்டர் இல்லாமல் அந்த டிலேயை மட்டும் போட்டிருந்தால், 50 ஹெர்ட்ஸில் இரண்டு தரமும் தப்பாகவே படித்திருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை:
ஒரு சந்தேகம். ஒயரை எலி கடித்து அறுத்தால்?

பழைய ரேடியோ:
பின் 1-லேயே நிற்கும். இவர் அமைப்பில் 1 என்றால் மோட்டார் நிற்கும். எனக்கு அதுதான் நல்லது.

கொழிஞ்சாம்பாறை:
நல்லதா? ஏலத்துக்குத் தண்ணீர் போகாமல் நாலு நாள் யாரும் பார்க்காவிட்டால்? அப்புறம் எலி இரண்டு ஒயரையும் ஒன்றாக நசுக்கிச் சேர்த்துவிட்டால் பின் 0, மோட்டார் விடாமல் ஓடும். அதற்கு உங்கள் ரெசிஸ்டர் என்ன செய்யும்?

பழைய ரேடியோ:
ஒன்றும் செய்யாது. அதற்கு ஒரு டைமர் தனியாக வேண்டும்.

கம்பம்மெட்டு ஏலக்காரன்:
டைமர் எத்தனை நிமிடம் வைக்கணும் என்பதில் எனக்கும் என் அண்ணனுக்குமே ஒத்துவரவில்லை. முதலில் ஒயரை மோட்டார் லைனை விட்டுத் தள்ளி, குழாய்க்குள் போட்டு எடுக்கிறேன்.